கார்டை முடக்கச் சொல்லும் கடிதம்: எந்த வரிக்கு என்ன வேலை?

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அழைக்கிறார். கார்டு விவரங்களைக் கேட்கிறார். பாதி சொன்ன பிறகு சந்தேகம் வந்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறோம். சரி, அப்புறம்? கார்டை முடக்கச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிதத்தில் எதை எழுதுவது, எதை எழுதவே கூடாது, முடக்கிய பிறகும் ஏன் பணம் கழிகிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அன்று அவருக்கு நடந்தது இது:

1. காலை 11:05. அழைப்பு வருகிறது. பேசியவர் ஆசிரியையின் பெயரையும், கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்களையும் கடைசி நான்கையும் தானே சொல்கிறார். கார்டு காலாவதியாகப் போகிறது, ஓய்வூதியம் நின்றுவிடும் என்கிறார். ஆசிரியை முழு எண், காலாவதித் தேதி, கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க சிவிவி ஆகியவற்றைச் சொல்லிவிடுகிறார்.
2. 11:17. ஓடிபி வருகிறது. அந்த எஸ்எம்எஸில் 18,400 என்ற தொகையும் ஒரு கடையின் பெயரும் இருப்பதைப் பார்த்ததும் சந்தேகம் தட்டுகிறது. ஓடிபியைச் சொல்லாமல் துண்டிக்கிறார்.
3. 11:21. 640 கழிந்ததாக இன்னொரு எஸ்எம்எஸ். இதற்கு ஓடிபி வரவே இல்லை.
4. 11:26. கார்டின் பின்புறம் அச்சிட்ட சேவை எண்ணை அழைத்து கார்டை முடக்குகிறார். ஒரு புகார் எண் தருகிறார்கள்.
5. 11:40. இன்னொரு கழிப்பு முயற்சி. நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது.

மதியம் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். முதல் வரைவு இப்படி வந்தது: “ஐயா, இன்று காலை யாரோ என்னை ஏமாற்றப் பார்த்தார்கள். என் கார்டையும் கணக்கையும் உடனே முடக்கி, தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்து வங்கி ஊழியரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஏன் என்று புரிய, கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## அழைத்தவருக்கு எண் எப்படித் தெரிந்தது?

“என் கார்டு எண்ணையே சொன்னாரே, வங்கிக்காரராகத்தானே இருக்க வேண்டும்?” ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதுதான். ஆனால் 16 இலக்கக் கார்டு எண் முழுவதும் ரகசியம் இல்லை.

தொடக்கத்தில் வரும் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் கார்டை வழங்கிய வங்கியையும் கார்டின் வகையையும் குறிப்பவை. அதே வங்கியின் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை ஒன்றுதான். கடைசி நான்கு இலக்கங்கள் கடை ரசீதுகளிலும் வங்கி எஸ்எம்எஸ்களிலும் வெளிப்படையாக வருகின்றன. ஆக, முதல் ஆறும் கடைசி நான்கும் கையில் இருந்தால் தெரியாதவை நடுவிலுள்ள ஆறுதான். அவையும் கண்டபடி இருக்க முடியாது. எண்ணைத் தப்பாகத் தட்டினால் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்புக் கணக்கு உண்டு. லூன் முறை என்று பெயர். அந்தக் கணக்குக்குப் பொருந்தும் எண்கள் பத்தில் ஒன்றுதான் என்பதால், பத்து லட்சம் சாத்தியங்கள் ஒரு லட்சமாகக் குறைந்துவிடுகின்றன.

அழைத்தவர் “சொன்ன” பத்து இலக்கங்கள் எவருக்கும் கிடைக்கக்கூடியவை. அவருக்குத் தேவைப்பட்டது நடு ஆறும், தேதியும், சிவிவியும். அவற்றை ஆசிரியையின் வாயிலிருந்தே வாங்கிக்கொண்டார். சிவிவியைக் கடைகள் பணப்பரிமாற்றம் முடிந்த பிறகு சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு பாதுகாப்புத் தரத்தின் விதி. அதனால் திருடப்பட்ட கடைத் தரவுகளில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. இப்படித் தொலைபேசியில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

திரையில் தெரிந்த தொலைபேசி எண்ணும் ஆதாரம் ஆகாது. வேறு ஒருவரின் எண்ணைக் காட்டி அழைப்பது தொழில்நுட்ப ரீதியாக எளிது. கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடலாம், ஆனால் “இந்த எண்ணிலிருந்து அழைத்தார்” என்பதைவிட “திரையில் தெரிந்த எண்” என்று எழுதுவதே சரி.

## ஓடிபி சொல்லவில்லை, ஆனாலும் 640 எப்படிப் போனது?

ஓடிபி என்பது கார்டின் இயல்பான பூட்டு இல்லை. இணையத்தில் பணம் கட்டும்போது, கட்டுகிறவர் கார்டின் உரிமையாளர்தானா என்று வங்கி கூடுதலாகக் கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதா வேண்டாமா என்பது பல நாடுகளில் கடையின் விருப்பம். எண், தேதி, சிவிவி மூன்று இருந்தால் போதும் என்று பணம் எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டு இணையதளங்கள் இருக்கின்றன. மோசடிக்காரர் முதலில் பெரிய தொகைக்கு முயன்றார். ஓடிபி கிடைக்கவில்லை. அடுத்த நான்கு நிமிடத்தில் ஓடிபி கேட்காத ஒரு தளத்துக்குப் போய்விட்டார். “ஓடிபி சொல்லவில்லை, அதனால் ஆபத்தில்லை” என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதில் ஆசிரியைக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. கார்டு நிறுவனங்களின் விதிப்படி, இந்தக் கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் நடந்த இணையப் பரிமாற்றம் மோசடி என்று வங்கி தகராறு எழுப்பினால், நட்டம் பொதுவாகக் கடையின் பக்கம் விழும். சரிபார்ப்பு நடந்திருந்தால் அது கார்டு வழங்கிய வங்கியின் பக்கம் திரும்பும். ஆகவே “640 கழிந்ததற்கு எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை” என்ற ஒரு வரி, “தகுந்த நடவடிக்கை எடுக்கவும்” என்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. எந்த வழியில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதை அந்த வரி ஊழியருக்குச் சொல்லிவிடுகிறது.

## முடக்குவது என்றால் என்ன?

கார்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கடையிலிருந்து கடையின் வங்கிக்கும், அங்கிருந்து கார்டு வலையமைப்பு வழியாக நம் வங்கிக்கும் வருகிறது: “இந்தத் தொகையை அனுமதிக்கலாமா?” நம் வங்கி கணக்கிலுள்ள பணத்தை மட்டுமன்றி கார்டின் நிலையையும் பார்க்கிறது. முடக்கப்பட்ட கார்டு என்றால் மறுப்பு போகும். 11:40 முயற்சி அப்படித்தான் தோற்றது.

“பிளாக்” என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது இரண்டு வேறு காரியங்களை:

1. தற்காலிகப் பூட்டு. செயலியில் ஒரு பொத்தானைத் தட்டிப் பூட்டலாம், திறக்கலாம். கார்டு வீட்டில்தான் எங்கோ இருக்கிறது என்ற சந்தேகத்துக்கு இது போதும்.
2. நிரந்தர முடக்கம். வங்கியில் இதை ஹாட்லிஸ்ட் செய்வது என்பார்கள். அந்த எண் அத்தோடு முடிந்தது. புதிய எண்ணில் வேறு கார்டு வரும்.

எண்ணும் சிவிவியும் இன்னொருவர் கைக்குப் போய்விட்ட ஆசிரியைக்கு இரண்டாவதுதான் வேண்டும். பூட்டி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்தால் அதே எண், அதே சிவிவி. மோசடிக்காரருக்குப் பொறுமை இருந்தால் போதும். ஆகவே கடிதத்தில் “நிரந்தரமாக முடக்கவும்” என்று எழுத வேண்டும்.

“கணக்கையும் முடக்கவும்” என்று முதல் வரைவில் எழுதியிருந்தாரே, அது வேண்டாத வம்பு. கார்டு கணக்குக்கான ஒரு சாவி மட்டுமே. கார்டை முடக்கினால் ஓய்வூதியம் வழக்கம்போல் கணக்கில் விழும், காசோலை செல்லும், கிளையில் பணம் எடுக்கலாம். கணக்கை முடக்கினால் இவையெல்லாம் சிக்கலாகும், மறுபடி திறக்க அலைய வேண்டும். கார்டு விவரம் மட்டும் வெளியே போயிருந்தால் கார்டை முடக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. அழைத்தவர் சொன்னார் என்று கைபேசியில் ஏதாவது செயலியை நிறுவி, திரையை அவர் பார்க்க விட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது இணைய வங்கிக் கடவுச்சொல்லும் போயிருக்கலாம். வங்கியிடம் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லி, கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். ஆகவே செயலி நிறுவினாரா இல்லையா என்பதும் கடிதத்தில் வந்தே ஆக வேண்டும்.

## முடக்கம் எதைத் தடுக்காது?

ஐந்து நாள் கழித்துக் கணக்கு விவரத்தைப் பார்க்கிறார் ஆசிரியை. 640 முறைப்படி கழிந்திருக்கிறது, அதுவும் முடக்கிய தேதிக்குப் பிந்தைய தேதியில். “முடக்கச் சொல்லியும் பணம் போயிருக்கிறதே!” என்று கொதிப்பார். யாராயிருந்தாலும் கொதிப்பார்கள்.

நடந்தது இதுதான். 11:21க்கு வங்கி தந்தது அனுமதி. அப்போது அந்தத் தொகை கணக்கில் ஒதுக்கி வைக்கப்படுகிறது, பணம் இன்னும் கடைக்குப் போகவில்லை. கடை தன் கணக்கை அனுப்பிப் பணம் கைமாறுவது அடுத்த சில நாட்களில். முடக்கம் புதிய அனுமதிகளைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறாது. அதற்குத் தனியாகத் தகராறு எழுப்ப வேண்டும். அதனால் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் தனித்தனியே இருக்க வேண்டும்: முடக்கம் ஒன்று, 640க்கான தகராறு மற்றொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்தால் முதலாவதைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

## நேரம் ஏன் நிமிடக் கணக்கில் வேண்டும்?

கார்டு மோசடியில் நட்டம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எல்லாமே ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சுழல்கின்றன: வாடிக்கையாளர் எப்போது தெரிவித்தார்?

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நட்டம் வந்தால் அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நட்டம் அவருடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது என்று பிரித்தது. ரகசிய விவரங்களைப் பிறரிடம் சொல்வது அதில் கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாகவே வந்தது. அமெரிக்காவில் டெபிட் கார்டு தொலைந்ததோ திருடுபோனதோ தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரோடு நிற்கும். தாமதித்தால் அது 500 டாலர் வரை ஏறலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் தெரிவித்த பிறகு நடக்கும் கழிப்புக்கு, வாடிக்கையாளரே மோசடி செய்திருந்தாலொழிய, அவர் பொறுப்பில்லை.

நம் எடுத்துக்காட்டில் கோடு விழும் இடம் 11:26. அதற்கு முன் போன 640 வாதத்துக்குரியது. அதற்குப் பின் ஏதாவது போயிருந்தால் வங்கி பதில் சொல்ல வேண்டும். கடிதம் கிளைக்குப் போய்ச் சேர மாலையாகலாம், மறுநாளும் ஆகலாம். ஆகவே முடக்கும் வேலையைக் கடிதத்திடம் விடக் கூடாது, அதைத் தொலைபேசியோ செயலியோ செய்ய வேண்டும். இன்ன நேரத்துக்கு முடக்கச் சொன்னேன், இன்ன புகார் எண் தந்தார்கள் என்று எழுத்தில் நிலைநிறுத்துவதுதான் கடிதத்தின் பங்கு.

கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. சிவிவியைச் சொன்னதை எழுதினால், கவனக்குறைவு என்று நம் மீதே திருப்பிவிடுவார்களே? திருப்பலாம். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்கு, தான் ஏமாந்ததை எழுதுவது கூச்சமாகவும் இருக்கும். ஆனாலும் எழுதுவதே நல்லது என்பேன். சிவிவி சரியாகத் தட்டப்பட்டதா என்பது வங்கியின் பதிவில் இருக்கும். “யாரிடமும் எதையும் சொல்லவில்லை” என்று எழுதி, பிறகு அது பொய் என்று தெரிந்தால், உண்மையாக இருக்கும் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும். ஓடிபி இல்லாமல் நடந்த பரிமாற்றத்தைப் பற்றிய வலுவான வாதமும் சேர்ந்து போய்விடும்.

## திருத்திய கடிதம்

கிளைக்கு வரும் கடிதங்களை யார் கையாள வேண்டும் என்று பொருள் வரியைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அந்த வரியை எப்படி எழுத வேண்டும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவர்தான் இவர்.

> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
>
> பொருள்: மோசடி அழைப்பு – 4417 என முடியும் டெபிட் கார்டை நிரந்தரமாக முடக்குதல், 640 கழிப்பு குறித்த தகராறு – தொடர்பாக.
>
> ஐயா / அம்மா,
>
> இன்று காலை 11:05 மணிக்கு வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் என்னை அழைத்தார். திரையில் தெரிந்த எண்ணைக் கடிதத்தின் இறுதியில் குறித்துள்ளேன். அவரை நம்பி மேற்படி கார்டின் முழு எண், காலாவதித் தேதி, சிவிவி ஆகியவற்றைச் சொல்லிவிட்டேன். ஏடிஎம் பின் எண்ணையோ ஓடிபியையோ சொல்லவில்லை. அவர் சொல்லி எந்தச் செயலியையும் நிறுவவில்லை, எந்த இணைப்பையும் திறக்கவில்லை.
>
> 11:17க்கு 18,400க்கான ஓடிபி வந்தது. அதை யாரிடமும் தெரிவிக்கவில்லை. 11:21க்கு 640 கழிந்ததாகச் செய்தி வந்தது. இது நான் செய்த பரிமாற்றம் அல்ல. இதற்கு எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை.
>
> 11:26க்கு உங்கள் சேவை எண்ணை அழைத்து முடக்கச் சொன்னேன். அவர்கள் தந்த புகார் எண்ணைக் கீழே குறித்துள்ளேன்.
>
> தாங்கள் செய்ய வேண்டியவை:
>
> 1. கார்டு நிரந்தரமாக முடக்கப்பட்டதையும் முடக்கிய நேரத்தையும் எழுத்து மூலம் உறுதிசெய்யவும்.
> 2. 640 கழிப்பை நான் மறுக்கிறேன். அதற்கான தகராறைப் பதிவுசெய்து அதன் எண்ணைத் தரவும்.
> 3. புதிய எண்ணில் மாற்றுக் கார்டை, பதிவிலுள்ள முகவரிக்கே அனுப்பவும். கணக்கை முடக்க வேண்டாம், ஓய்வூதியம் இதில்தான் வருகிறது.
>
> மூன்று எஸ்எம்எஸ்களின் திரைப்பிடிப்புகள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், பெயர், கணக்கில் பதிவான கைபேசி எண், திரையில் தெரிந்த எண், புகார் எண்)

கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். கார்டைக் கண்டுபிடிக்க வங்கிக்கு அதுவும் பெயரும் போதும். பதற்றத்தில் பலர் முழு எண், சிவிவி, சில நேரம் பின் எண்ணையும் கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் எத்தனை மேசைகள் தாண்டிப் போகும் என்று சொல்ல முடியாது. திரைப்பிடிப்பு எடுக்கும்போதும் ஓடிபி இலக்கங்களை மறைத்துவிடுவது நல்லது. அது காலாவதியாகியிருக்கும் என்றாலும், தொகை, கடை, நேரம் இவைதான் வங்கிக்கு வேண்டும்.

கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புவதானால் முகவரியைக் கணக்கு விவரத் தாளிலிருந்து எடுக்க வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் “சேவை எண்”களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் கலந்திருக்கின்றன.

## கடிதத்துக்குப் பின்

புதிய கார்டு வந்ததும் மாதாமாதம் தானாகக் கழியும் கட்டணங்களைப் பார்க்க வேண்டும். சில நின்றுபோகும், புதிய எண்ணைக் கொடுக்க வேண்டும். சில நாம் ஒன்றும் செய்யாமலே தொடரும், ஏனென்றால் கார்டு வலையமைப்புகள் புதிய எண்ணைப் பதிவுபெற்ற கடைகளுக்குத் தாமாகவே தெரிவிக்கும் சேவையை வைத்திருக்கின்றன. அப்படிக் கழிந்தால் உடனே இதுவும் மோசடி என்று பயப்பட வேண்டாம். கடையின் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு அழைப்பும் வர வாய்ப்பிருக்கிறது. “உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா, 640 திரும்ப வரவு வைக்கிறோம், இப்போது வரும் எண்ணை மட்டும் சொல்லுங்கள்” என்பார் ஒருவர். ஒரு முறை விவரம் கொடுத்தவரின் பெயரும் எண்ணும் மோசடிக்காரர்களிடையே கைமாறுவது உண்டு. 640 என்ற தொகை அதைத் திருடியவருக்கும் தெரியும், ஆகவே தொகையைச் சரியாகச் சொல்வது ஒரு சான்றே இல்லை. பணத்தை வரவு வைக்க வங்கிக்கு வாடிக்கையாளரின் ஓடிபி தேவையுமில்லை. அழைத்தவர் உண்மையிலேயே கிளை ஊழியராக இருந்தாலும் சரி, துண்டித்துவிட்டு, புதிய கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழைத்துத் தகராறு எண்ணைச் சொன்னால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.